மங்கலும் இருட்டும்: கல்யாணப் படங்களை ஓப்பன்சிவி கொண்டு பிரிக்க எந்த வழி?

ஒரே மாதத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர். இரண்டு கேமரா, இரண்டு நாள் கல்யாணம் என்றால் அவருடைய ஃபோல்டரில் நாலாயிரம் படம் வந்து விழும். ஆல்பத்துக்குச் செலக்‌ஷன் அனுப்புவதற்கு முன் ஷேக் ஆனது, ஃபோகஸ் தவறியது, ஃப்ளாஷ் அடிக்காமல் இருண்டது எல்லாவற்றையும் ஒதுக்கியாக வேண்டும். இன்னொருவன் சித்தப்பா மகன். பத்து வருட ஃபோன் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் கொட்டி வைத்துவிட்டு, அதில் எது தேறும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். இருவருக்கும் பைதான் ஓரளவு தெரியும். "படங்களை அலசும் ஓப்பன்சிவி நூலகத்துக்குத் தேடினால் பத்து வரி நிரல் கிடைக்கிறது, ஆனால் ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். எதை எடுப்பது?" என்பதுதான் கேள்வி.

நான் இருவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது

எந்த முறையை எடுத்தாலும் அது இரண்டு விதமாகத் தவறும். நல்ல படத்தை மங்கல் என்று சொல்லி ஒதுக்கும், அல்லது மங்கலான படத்தை நல்லது என்று விட்டுவிடும். இந்த இரண்டும் ஒரே அளவு தவறு இல்லை. மங்கலான படம் ஒன்று தப்பி நின்றால் செலக்‌ஷன் பார்க்கும்போது கண்ணில் படும், அரை நொடியில் தள்ளிவிடலாம். தாலி கட்டும் நொடியில் எடுத்த ஒரே படம் ஒதுக்கப்பட்ட ஃபோல்டருக்குள் போய், அதை யாரும் திறந்து பார்க்கவில்லை என்றால், பெண் வீட்டார் ஃபோன் செய்யும்போதுதான் தெரியவரும். அதனால் நல்ல படத்தைத் தவறாக ஒதுக்காமல் இருப்பதுதான் என் முதல் அளவுகோல். கெட்டது தப்பி நிற்பது அதற்கு அடுத்து.

மூன்றாவது அளவுகோல் எல்லை எண்ணை ஒத்துப் பார்க்க ஆகும் நேரம். எல்லா முறையிலும் 'இதற்குக் கீழே போனால் மங்கல்' என்று ஓர் எண் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த எண் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாறுமானால், மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே போய்விடும்.

ஓடும் வேகத்தைப் பலர் பெரிதாகக் கேட்கிறார்கள். நான் அதை அளவுகோலாகவே வைக்கவில்லை. பெரும்பாலான நேரம் ஜேபெக் படத்தை டிஸ்கிலிருந்து எடுத்துத் திறப்பதற்கே போகிறது, அது எல்லா முறைக்கும் பொது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

## அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது

கிட்டத்தட்ட எல்லா நிரலும் லாப்லாசியன் என்ற ஒரே கணக்கின் மேல் நிற்கிறது. அதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், பின்னால் வரும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

வெள்ளை வேட்டியின் ஓரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில், படத்தின் ஒரு வரிசையில் பிக்சல்கள் இப்படி இருக்கின்றன: 50, 50, 50, 200, 200, 200. லாப்லாசியன் ஒவ்வொரு பிக்சலையும் அதன் பக்கத்துப் பிக்சல்களோடு ஒப்பிடுகிறது. இரு பக்கத்தையும் கூட்டி, தன் மதிப்பின் இருமடங்கைக் கழிக்கிறது. கடைசி 50-ல் 50 + 200 − 100 = 150. முதல் 200-ல் 50 + 200 − 400 = −150. மற்ற இடங்களில் பூஜ்யம்.

இப்போது அதே ஓரம் ஃபோகஸ் தவறிப் போகிறது: 50, 80, 110, 140, 170, 200. சீராக ஏறுவதால் நடுவில் எல்லாம் பூஜ்யம், இரு முனைகளில் மட்டும் 30, −30. படத்துக்குக் கடைசியில் கிடைக்கும் எண் இந்த விடைகளின் சிதறல், அதாவது அவை எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு. அதைக் கணக்கிடும்போது இவை வர்க்கமாகின்றன. கூர்மையான ஓரத்துக்கு 45,000, மங்கிய ஓரத்துக்கு 1,800. அதாவது 25-ல் ஒரு பங்கு. கண்ணுக்கு லேசான மங்கலாகத் தெரிவதை இந்தக் கணக்கு இவ்வளவு பெரிதாக்கிக் காட்டுவதால்தான் எல்லோரும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இதே கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஓரம் கூர்மையாகவே இருக்கட்டும், வெளிச்சத்தை மட்டும் பாதியாக்குவோம்: 25, 25, 25, 100, 100, 100. விடை 75, −75. வர்க்கக் கூட்டு 11,250. கூர்மை துளியும் குறையவில்லை, எண் மட்டும் நான்கில் ஒன்றாகிவிட்டது. இருண்ட படம் எல்லாம் மங்கலான படம் என்று விழுவது இதனால்தான். ஹோமப் புகை மண்டிய படங்களும் இப்படியே விழும். புகை கறுப்பைச் சாம்பலாக்குகிறது, ஓரத்தின் ஏற்றம் குறைகிறது, எண்ணும் சேர்ந்து இறங்குகிறது.

அதனால் எந்த வழியில் போனாலும் வரிசை இதுதான்: முதலில் இருட்டு பார்க்க வேண்டும், இருட்டு என்று தள்ளிய படத்தில் மங்கலைப் பற்றிப் பேசவே கூடாது.

கழித்தல் குறியோடு வரும் விடைகள் இருப்பதால்தான் நிரலில் `cv2.CV_64F` என்று எழுதுகிறோம். அதற்குப் பதிலாக எட்டு பிட்டில் விட்டால் −150 பூஜ்யமாகிவிடும், பாதித் தகவல் போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, எண்கள் மட்டும் தப்பாக இருக்கும்.

## படத்தைத் திறப்பது (எல்லா வழிக்கும் பொது)

```python
import cv2, numpy as np

def open_gray(path, side=1600):
    raw = np.fromfile(path, dtype=np.uint8)
    if raw.size == 0:
        return None
    g = cv2.imdecode(raw, cv2.IMREAD_GRAYSCALE)
    if g is None:
        return None
    k = side / max(g.shape)
    if k < 1:
        g = cv2.resize(g, None, fx=k, fy=k,
                       interpolation=cv2.INTER_AREA)
    return g
```

நேராக `cv2.imread` போடாமல் ஏன் இந்தச் சுற்று? விண்டோஸில் ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் `imread` பல நேரம் படத்தைத் திறக்காது. பிழை சொல்லி நிற்காமல் `None` மட்டும் தரும். 'முகூர்த்தம்' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் முழித்த அனுபவம் எனக்கு உண்டு. மேலே உள்ளபடி பைட்டுகளைப் படித்து `imdecode`-க்குக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஐபோனின் `.heic` படங்களும் வழக்கமான நிறுவலில் `None` என்றே வரும். இப்படி வருபவற்றை 'மங்கல்' பக்கம் தள்ளாமல் 'படிக்க முடியாதவை' என்று தனியாக வையுங்கள்.

1600-க்குச் சுருக்குவதற்குக் காரணம் இரண்டு. கேமராப் படம் 6000 பிக்சல் அகலம், வாட்ஸப்பில் வந்தது அதில் கால்வாசி. சுருக்காமல் இரண்டையும் ஒரே எல்லையால் அளக்க முடியாது. அடுத்து, ராத்திரி ரிசப்ஷனில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படங்களில் பொடிப்பொடியாக நாய்ஸ் இருக்கும். ஒவ்வொரு பொடியும் ஒரு சின்ன ஓரம் போலவே லாப்லாசியனுக்குத் தெரிவதால், மங்கலான படம்கூட நல்ல எண் வாங்கிவிடும். 6000-ஐ 1600 ஆக்கும்போது சுமார் 14 பிக்சல் சேர்ந்து ஒரு பிக்சலாக சராசரியாகிறது, நாய்ஸ் அதிலேயே அடங்கிவிடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மூன்று பிக்சல் அளவுக்கு லேசாக ஃபோகஸ் நழுவிய படம் சுருக்கிய பிறகு கூர்மையாகவே தெரியும். பெரிய ஆல்பத் தாளில் இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடப் போகும் படத்தை எப்படியும் நூறு சதவீதத்தில் கண்ணால் பார்த்துதான் தேர்ந்தெடுப்போம். அதனால் நான் இதைப் பொருட்படுத்துவதில்லை.

## வழி 1: முழுப் படத்துக்கும் ஒரே எண்

```python
score = cv2.Laplacian(g, cv2.CV_64F).var()
```

ஒரே வரி. கூடவே 'நூறுக்குக் கீழே இருந்தால் மங்கல்' என்ற வாக்கியமும் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த நூறுக்கு எந்தப் புனிதமும் இல்லை. யாரோ தன் படங்களுக்குப் பொருத்தி வைத்த எண் அது. படத்தின் அளவு, வெளிச்சம், எதிரே இருப்பது பட்டுப்புடவையா வெறும் சுவரா என்பது எல்லாம் அதை மாற்றும்.

கல்யாணப் படத்தில் இது எங்கே அடிவாங்குகிறது என்று பாருங்கள். பெண்ணின் முகம் மட்டும் பளிச்சென்று இருக்க, பின்னணி முழுக்கக் கரைந்து நிற்கும் கேண்டிட் படம். படத்தை 48 கட்டமாகப் பிரித்தால் முகம் நான்கு கட்டம், அங்கே எண் 600. மீதி 44 கட்டத்தில் கரைந்த பின்னணி, எண் 10. முழுப் படத்துக்கும் சேர்த்தால் (4 × 600 + 44 × 10) ÷ 48, அதாவது சுமார் 59. நூறுக்குக் கீழே. ஃபோட்டோகிராஃபர் அந்த நாளில் எடுத்த மிக நல்ல படங்கள்தான் முதலில் வெளியே போகும். முதல் அளவுகோலிலேயே தோல்வி.

அப்படியானால் இது எதற்குமே உதவாதா? உதவும், எல்லை வைப்பதை விட்டுவிட்டு வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்தினால். என் சித்தப்பா மகனுக்கு இதைத்தான் சொன்னேன். எல்லாப் படத்துக்கும் எண் போட்டு, குறைந்ததிலிருந்து வரிசையாக அடுக்கி, அடியில் இருக்கும் ஐந்நூறை மட்டும் சின்னப் படங்களாகத் திறந்து பார். சட்டைப்பைக்குள் தானாக எடுத்தது, விரல் மறைத்தது, ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்தது எல்லாம் அங்கே கும்பலாக இருக்கும். அவனிடம் இருப்பதில் பாதி வாட்ஸப்பில் வந்தது. காலை வணக்கப் படங்களில் எழுத்து இருப்பதால் அவை மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அதை ஒதுக்குவது வேறு வேலை.

ஷேக் ஆன படத்தில் இந்த எண் இன்னொரு விதத்திலும் ஏமாறும். கேமரா பக்கவாட்டில் அசைந்தால் நெட்டுக் கோடுகள்தான் கரையும், கிடைக்கோடுகள் அப்படியே நிற்கும். மேடைப் படிகளின் ஓரம், மேசை விளிம்பு எல்லாம் கூர்மையாக இருக்க முகங்கள் இழுபட்டிருக்கும், எண் மட்டும் நன்றாகவே வரும். சந்தேகம் வந்தால் `cv2.Sobel` கொண்டு இரண்டு திசைக்கும் தனித்தனியாக எண் எடுத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைப்போல் பல மடங்கு இருந்தால் ஷேக்காக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் வரிசையாகக் கட்டிய வாழைமரமும் அதே விடையைத் தரும்.

## வழி 2: கட்டம் கட்டமாகப் பார்ப்பது

மேலே சொன்ன 48 கட்டக் கணக்கிலேயே தீர்வும் இருக்கிறது. சராசரியை விட்டுவிட்டு, எங்கேயாவது கூர்மையான இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும்.

```python
def grid_score(g, rows=6, cols=8):
    s = cv2.GaussianBlur(g, (3, 3), 0)
    L = cv2.Laplacian(s, cv2.CV_64F)
    v = [b.var() for r in np.array_split(L, rows, axis=0)
                 for b in np.array_split(r, cols, axis=1)]
    return np.sort(v)[-4:].mean()
```

மிக உயர்ந்த நான்கு கட்டங்களின் சராசரியை எடுக்கிறோம். முந்தைய கேண்டிட் படத்துக்கு இப்போது 600 வரும். உண்மையிலேயே ஃபோகஸ் தவறிய படத்தில் எந்தக் கட்டமும் உயராது, அதனால் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே இடைவெளி நன்றாக விரிகிறது. ஒரே ஒரு கட்டத்தை நம்பாமல் நான்கை எடுப்பது, எங்கோ ஒரு சீரியல் பல்பு மினுங்கியதற்காகப் படம் தேறிவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே இருக்கும் அந்த 3 × 3 மென்மையாக்கல், சுருக்கிய பிறகும் மிஞ்சும் நாய்ஸை அடக்க. இந்த மென்மையாக்கல் எல்லா எண்ணையும் இறக்கிவிடும், எனவே வழி 1-க்கு வைத்த எல்லையை இங்கே தூக்கிப் போடாதீர்கள்.

இதன் மறைமுகச் செலவு மேடையில் தெரியும். மணமக்கள் பெயர் எழுதிய பலகை பின்னால் நிற்கிறது. ஃபோகஸ் அந்த எழுத்தின் மேல் விழுந்துவிட்டது, முன்னால் நிற்கும் ஆறு பேரும் மங்கல். கட்டமுறைக்கு அந்த எழுத்துகள் நான்கு கட்டத்துக்கு மேலேயே கிடைக்கும், படம் ஜம்மென்று தேறிவிடும். ராத்திரியில் விளக்குகள் கோடுகோடாக இழுபட்ட படமும் தப்பிவிடும், கறுப்பில் வெள்ளைக் கோடு என்றால் ஓரம் பலமாகத்தானே இருக்கும்.

ஆனாலும் தவறு எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். கட்டமுறை கெட்டதைத் தப்பவிடும், நல்லதை அரிதாகவே தொடும். நம் அளவுகோல் வரிசைப்படி இது சரியான பக்கத்துத் தவறு. பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடலாம் என்பது என் கருத்து.

எல்லை எண்ணுக்கு நான் செய்வது: அந்தக் கல்யாணத்துப் படங்களிலேயே ஏதாவது இருநூறை எடுத்து, எண் வரிசையில் அடுக்கி, அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வருவேன். முதல் நல்ல படம் வரும் இடத்துக்குச் சற்றுக் கீழே எல்லை. முகூர்த்தத்துக்கு ஓர் எல்லை, ரிசப்ஷனுக்கு வேறு. பத்து நிமிட வேலை.

## வழி 3: முகத்தை மட்டும் அளப்பது

மேடைப் படத்தின் பலகைச் சிக்கலுக்கு நேர் மருந்து இது. ஓப்பன்சிவியிலேயே `FaceDetectorYN` இருக்கிறது, ஆனால் அதற்கான மாடல் கோப்பைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும்.

```python
h, w = img.shape[:2]          # img: வண்ணப் படம், 1600-க்குச் சுருக்கியது
det = cv2.FaceDetectorYN.create(
    "face_detection_yunet_2023mar.onnx", "", (w, h), 0.8)
_, faces = det.detect(img)    # முகம் இல்லை என்றால் None
```

ஒவ்வொரு முகத்துக்கும் 15 எண் வரும். முதல் நான்கு முகச் சதுரம், அடுத்த பத்து இரு கண், மூக்கு, வாயின் இரு ஓரம் ஆகியவற்றின் இடம், கடைசி ஒன்று நம்பகம். முகத்தை வெட்டி எடுத்து, ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்து லாப்லாசியன் போட்டால், பலகையில் ஃபோகஸ் ஆன படம் வசமாக மாட்டிக்கொள்ளும். கன்னம் இயல்பாகவே வழவழப்பாக இருப்பதால், கண்ணைச் சுற்றிய பகுதியை மட்டும் வெட்டுவது இன்னும் நல்லது. இமையும் மையும் கண்மணியும் சேர்ந்து அங்கேதான் ஓரங்கள் நிறைய.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நானும் ஒரு காலத்தில் இதுதான் முடிவு என்று நினைத்தேன். தாலி கட்டும் படங்களில் ஓடவிட்டபோதுதான் நிலவரம் புரிந்தது. பெண் தலை குனிந்திருக்கிறாள், மாப்பிள்ளை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறான், நாத்தனார் முடிச்சுப் போடக் குனிகிறாள், நடுவே அட்சதை பறக்கிறது. முகம் கண்டுபிடிக்கும் நிரலுக்கு அதில் கிடைத்தது கும்பலுக்குப் பின்னால் நின்று ஃபோனில் படம் எடுக்கும் யாரோ ஒருவர். அவர் ஃபோகஸில் இல்லை, எனவே படம் மங்கல்!

முகமே கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதும் நாமே முடிவு செய்ய வேண்டியது. மருதாணிக் கை, மாலை, சீர்வரிசைத் தட்டு, பந்தி இலை எதிலும் முகம் இல்லை. இன்னொரு பக்கம், மிக மோசமாக மங்கிய படத்திலும் முகம் கிடைக்காது. இரண்டும் ஒரே விடையாக `None` என்று வரும். அதனால் இதைத் தனியாக ஓட்ட முடியாது, முகம் இல்லாத படத்துக்குக் கட்டமுறைக்குத் திரும்ப வேண்டும். தூரத்து முகங்களை அளப்பதிலும் பயன் இல்லை. 1600 பிக்சல் படத்தில் 80 பிக்சலுக்குக் குறைந்த முகத்தைப் பெரிதாக்கினால் அது எப்படியும் மங்கலாகவே தெரியும், அவற்றை விட்டுவிடுங்கள். மிஞ்சியவற்றில் மிகப் பெரிய முகத்தை மட்டும் கேளுங்கள்.

இது எங்கே வெல்லும்? மேடையில் வரிசையாக வந்து நிற்கும் குடும்பப் படங்களில். எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள், தூரம் ஒன்றே, விளக்கு ஒன்றே. பாஸ்போர்ட் படம், பள்ளி அடையாள அட்டைப் படம் எடுப்பவர்களுக்கும் இதுதான் வழி. அங்கே எல்லை எண்ணை ஒரு முறை வைத்தால் போதும்.

## வழி 4: அதே காட்சியின் படங்களோடு மட்டும் ஒப்பிடுவது

லாப்லாசியன் எண் இரண்டு வேறு காட்சிகளை ஒப்பிடுவதில் மோசம், ஒரே காட்சியின் இரண்டு படங்களை ஒப்பிடுவதில் அருமை. பட்டுப்புடவைக்கும் வெறும் சுவருக்கும் எண் வேறாக வரும் என்ற குறை, இரண்டு படத்திலும் அதே புடவை இருந்தால் காணாமல் போய்விடுகிறது. கல்யாணத்தில் யாரும் ஒரு கிளிக்கோடு நிறுத்துவதில்லை. நாலு, ஐந்து என்று தட்டிக்கொண்டே போவார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி இது.

படத்தோடு வரும் `DateTimeOriginal` நேரத்தைப் படித்து, ஒரே கேமராவில் மூன்று நொடி இடைவெளிக்குள் தொடர்ந்து எடுத்தவற்றை ஒரு குழுவாக்குகிறேன். குழுவில் மிக உயர்ந்த கட்ட எண்ணில் பாதிகூட வாங்காத படங்கள் ஒதுக்கப்படுகின்றன. குழுவில் மிக உயர்ந்த எண் வாங்கிய படம் ஒருபோதும் ஒதுக்கப்படாது, தனியாக நிற்கும் படமும் அப்படியே. தாலி கட்டும் நொடியில் ஐந்து கிளிக், ஐந்தும் சுமார் என்றாலும், இருப்பதில் நல்லது ஒன்று நிச்சயமாகக் கையில் இருக்கும். வேறு எந்த வழியும் இந்த உறுதியைத் தராது. ஸ்டூடியோ நண்பருக்கு நான் சொன்னது இதுதான்.

எல்லை எண் கிட்டத்தட்ட தேவையே இல்லை என்பது அடுத்த லாபம். ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் அதே 'பாதி' வேலை செய்கிறது, ஏனென்றால் ஒப்பீடு குழுவுக்குள்ளேயே நடக்கிறது.

செலவு என்று பார்த்தால், ஃப்ளாஷ் மீண்டும் சார்ஜ் ஆகும் முன் அமுக்கிய படம் குழுவுக்குள் இருண்டு நிற்கும். வெளிச்சம் பாதியானால் எண் நான்கில் ஒன்றாகும் என்று மேலே பார்த்தோமே, அதன்படி கூர்மையான படமாக இருந்தும் அது 'மங்கல்' என்று விழும். இருட்டுச் சோதனையை முதலில் வைத்தால் சரியாகிவிடும். ஆள் நகர்ந்து ஃப்ரேம் மாறினாலும் குழு குழம்பும், இடைவெளியை மூன்று நொடிக்கு மேல் நீட்டாததற்கு அதுதான் காரணம். இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்திருக்காது, எனவே கேமரா வாரியாகவே குழு போட வேண்டும். வாட்ஸப்பில் வந்த படத்தில் எடுத்த நேரமே இருக்காது. சித்தப்பா மகனுக்கு இந்த வழி உதவாததற்குக் காரணம் அதுவே.

## இருட்டுக்கு: சராசரியா, உச்சப் பக்கமா

இங்கே போட்டி இரண்டே வழிகளுக்குள். பலரும் எழுதுவது `g.mean()`, அது 40-க்குக் கீழே என்றால் இருட்டு.

குத்துவிளக்கு ஏற்றும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்து விளக்கை அணைத்துவிட்டு எடுத்தது. படத்தில் 5 சதவீதம் மட்டும் சுடரும் முகமும், மதிப்பு 180. மீதி 95 சதவீதம் இருள், மதிப்பு 12. சராசரி 20.4. ஃப்ளாஷ் அடிக்காமல் போன படத்தின் சராசரியும் இதே 20-ல் நிற்கலாம். சராசரிக்கு இரண்டும் ஒன்று.

அதற்குப் பதிலாக, படத்தின் மிக வெளிச்சமான 2 சதவீதம் எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள்:

```python
dark = np.percentile(g, 98) < 70
```

விளக்குப் படத்தில் இது 180. ஃப்ளாஷ் தவறிய படத்தில் எதுவுமே வெளிச்சமாக இல்லாததால், இது முப்பது நாற்பதைத் தாண்டாது. கார்த்திகை தீபம், தேர் உற்சவம், வாணவேடிக்கை எடுப்பவர்களுக்குச் சராசரி முறை ஆகவே ஆகாது. சராசரி வெல்லும் இடம் ஒன்று உண்டு: வெளிச்சம் மாறாத ஸ்டூடியோ அறை, அல்லது கேமரா ஒரே இடத்தில் பொருத்திய கடைப் படங்கள்.

உச்சப் பக்கத்தின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒரு ட்யூப்லைட் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் 98-வது நிலை ஏறிவிடும், முன்னால் நிற்பவர் கருநிழலாக இருந்தாலும் படம் தேறும். அதுவும் கெட்டது தப்பும் பக்கத்துத் தவறுதான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இருட்டுப் படத்தை மங்கலான படம்போல் எண்ணவும் கூடாது. ஃபோகஸ் போனால் போனதுதான். இருட்டை, ரா கோப்பு கையில் இருந்தால், பெரும்பாலும் தூக்கிக் கொண்டுவந்துவிடலாம். எனவே இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நல்லதைத் தவறாக ஒதுக்குமா | எது தப்பி நிற்கும் | எல்லை எண் | யாருக்கு |
|---|---|---|---|---|
| முழுப் படம் | அடிக்கடி (கரைந்த பின்னணி) | நாய்ஸ் நிறைந்தது, ஒரு திசை ஷேக் | எல்லை வைக்காமல் வரிசைப்படுத்தவும் | கலவையான ஃபோன் படங்கள் |
| கட்டம் | அரிது (புகை, இருட்டு) | பின்னணியில் ஃபோகஸ் ஆனது | நிகழ்ச்சிக்கு ஒன்று | பெரும்பாலானவர்களுக்கு |
| முகம் | குனிந்த, திரும்பிய முகங்களில் | முகம் இல்லாதவை | ஒரு முறை போதும் | மேடை வரிசை, அடையாள அட்டை |
| குழு ஒப்பீடு | காட்சிக்கு ஒன்று எப்போதும் மிஞ்சும் | ஐந்தும் மங்கலான குழுவில் ஒன்றாவது | தேவையில்லை | தொடர் கிளிக் எடுக்கும் ஸ்டூடியோ |

## ஒதுக்குவது: நகர்த்தலா, பட்டியலா

அழிப்பதை நான் ஒரு தேர்வாகவே வைக்கவில்லை. மிஞ்சுவது இரண்டு. படத்தை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தலாம், அல்லது எதையும் தொடாமல் பெயரும் எண்ணும் காரணமும் கொண்ட சிஎஸ்வி பட்டியலை மட்டும் எழுதலாம். முதல் தடவை பட்டியல், எல்லை சரி என்று தெரிந்த பிறகு நகர்த்தல். இது என் பழக்கம்.

நகர்த்தும்போது பெயர் மோதல் வரும். இரண்டு கேமராவும் `DSC_0001.JPG` என்றே தொடங்கியிருக்கும். இரண்டையும் ஒரே 'மங்கல்' ஃபோல்டருக்கு முழுப் பெயரோடு `shutil.move` செய்தால், இரண்டாவது படம் முதல் படத்தின் மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதிவிடும். அதனால் மூல ஃபோல்டர் அமைப்பை அப்படியே பக்கத்தில் உருவாக்கி நகர்த்துகிறேன்:

```python
import shutil
from pathlib import Path

def set_aside(p, root, dest, reason):
    for f in p.parent.glob(p.stem + ".*"):
        t = dest / reason / f.relative_to(root)
        t.parent.mkdir(parents=True, exist_ok=True)
        if not t.exists():
            shutil.move(str(f), str(t))
```

அந்த `glob` வரி, ஜேபெக்கோடு அதே பெயரில் இருக்கும் ரா கோப்பையும் `.xmp` கோப்பையும் சேர்த்துக் கொண்டுபோக. இல்லாவிட்டால் ஜோடி பிரிந்து, எந்த ரா எந்தப் படத்துடையது என்று தேடவேண்டி வரும்.

`dest` மூல ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் அடுத்த ஓட்டத்தில் ஒதுக்கியவற்றையே ஸ்கிரிப்ட் மறுபடி எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே டிஸ்கில் இருக்கட்டும். ஒரே டிஸ்கில் நகர்த்தல் வெறும் பெயர் மாற்றம், நொடியில் முடியும். வேறு டிஸ்க் என்றால் நகல் எடுத்துவிட்டு மூலத்தை அழிக்கிறது, நடுவில் யாராவது கேபிளைப் பிடுங்கினால் பாதி இங்கே பாதி அங்கே.

லைட்ரூம் பயன்படுத்துபவர்கள் படங்களை அதற்குள் ஏற்றுவதற்கு முன்பே இதை ஓட்டிவிடுங்கள். ஏற்றிய பிறகு வெளியிலிருந்து நகர்த்தினால் அது ஒவ்வொரு படத்தையும் காணவில்லை என்று காட்டும். ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டதா? அப்போது பட்டியல்தான் வழி, அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே நிராகரிப்புக் கொடி போட்டுக்கொள்ளலாம்.